மண்ணுக்குள் மஞ்சள், டப்பாவுக்குள் ஈரம்

சாங்லியின் பழைய குழிகள் சொல்லும் சங்கதி ஒன்றுதான்: எந்தப் பாத்திரமும் எதையும் காய வைக்காது. காய்ந்ததை மட்டுமே காக்கும்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி நகரை ஒட்டிய சிற்றூர் ஹரிப்பூர். கிருஷ்ணாவும் வாரணாவும் கூடும் இடம். சங்கமத்தையும் சிவன் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள், பக்கத்திலிருந்த வெற்று நிலத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தாலும் ஆங்காங்கே சில மண் மேடுகள்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மேடுகளுக்குக் கீழே, தலைமுறை தலைமுறையாக, டன் கணக்கில் மஞ்சள் புதைந்து கிடந்தது.

மராத்தியில் இந்தக் குழிக்குப் பெயர் 'பேவ்'. வாய் குறுகலாக, ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே போகப் போகப் பானையின் வயிறு போல அகன்றுகொண்டே செல்லும். ஆழம் சுமார் இருபது அடி. செங்கல் கிடையாது, சிமென்ட் கிடையாது. வெட்டிய மண்சுவர் அப்படியே நிற்கும். இடிந்து விழாது, நீரையும் எளிதில் உள்ளே விடாது. அந்த ஊர் மண்ணின் வாகு அது. அடியிலும் சுவரிலும் காய்ந்த தழை, சோகை, பாய் என்று விரிப்பார்கள். மஞ்சளை மூட்டையாக அடுக்காமல் அப்படியே கொட்டுவார்கள். வாயை மூடி மண்ணால் பூசிவிட்டால் வேலை முடிந்தது. விலை ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மூன்று நான்கு ஆண்டு கழித்துத் திறந்தாலும் நிறம் மங்காத, வண்டு துளைக்காத மஞ்சள் வெளியே வரும். ஈரோட்டுக்கும் நிஜாமாபாத்துக்கும் இணையாக சாங்லி மஞ்சள் சந்தை பெயர் பெற்றதில் இந்தக் குழிகளுக்கும் பங்கு உண்டு. சாங்லி மஞ்சளுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குழிக்குள் நடப்பதில் மாயம் ஏதுமில்லை. மூடிய பிறகு உள்ளே மிச்சமிருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனை மஞ்சளோடு வந்த வண்டுகளும் நுண்ணுயிர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடுகின்றன. கரியமில வாயு ஏறுகிறது. வண்டு மூச்சு முட்டிச் சாகிறது. பூஞ்சணமும் காற்று இல்லாமல் முடங்குகிறது. மனிதனுக்கும் இதே கதிதான். அதனால்தான் குழியைத் திறந்த உடனே யாரும் இறங்குவதில்லை. சில மணி நேரம் வாயைத் திறந்து போட்டுவிட்டு, விளக்கை உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இருபது அடி ஆழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். வெப்பநிலை ஏறி இறங்குவதில்லை. தகரக் கூரை போட்ட கிடங்கில் நிலைமை வேறு. பகலில் சூடேறும்போது சரக்கிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்புகிறது. இரவில் கூரையும் மேல் மூட்டைகளும் குளிரும்போது அதே ஈரம் பனித்துளி போல அங்கே படிகிறது. மொத்தச் சரக்கும் சரியாகக் காய்ந்திருந்தாலும், மேல் அடுக்கிலும் சுவரை ஒட்டிய மூட்டையிலும் மட்டும் பூஞ்சணம் பூப்பது இப்படித்தான். நல்ல கிடங்குக்காரர்கள் மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும், சுவரிலிருந்து விலக்கி வைப்பதும் இதற்காகத்தான்.

குழி தோற்ற இடம்

பேவ் வெல்ல முடியாத கோட்டை அல்ல. 2005 மழைக்காலத்தில் கிருஷ்ணா கரை புரண்டபோது ஹரிப்பூர்க் குழிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. உள்ளே இருந்த மஞ்சள் அழுகியது. நீரை வெளியே நிறுத்திய அதே மண், இப்போது உள்ளே வந்த நீரை வெளியே விடவில்லை. அதன் பிறகு பல வியாபாரிகள் குழியைக் கைவிட்டு கிடங்குக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் மாறினார்கள். 2019-ல் சாங்லி மீண்டும் வெள்ளத்தில் மிதந்தது.

வெள்ளம் பெரிய அளவில் காட்டியதை, ஈரம் போகாத ஒரு மூட்டை சிறிய அளவில் காட்டும். இறுக மூடுவது என்பது இருபக்கம் கூரான கத்தி. வெளி ஈரம் உள்ளே வராது. உள் ஈரம் வெளியேயும் போகாது. எனவே பேவின் வெற்றி உண்மையில் குழியில் தொடங்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, காய வைக்கும் களத்தில் தொடங்கியது.

களத்தில் நடப்பது

தோண்டியெடுத்த பச்சை மஞ்சளில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். விரலியையும் கிழங்கையும் தனித்தனியாகப் பிரித்து வேக வைக்கிறார்கள். ஒன்றாகப் போட்டால் விரலி குழையும், கிழங்கு வேகாது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நுரை எழுந்து மஞ்சளுக்கே உரிய வாசனையோடு வெண்புகை கிளம்பும். விரலால் அழுத்தினால் நெகிழ வேண்டும். குச்சியால் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். வேகாத மஞ்சள் சீராகக் காயாது. அதிகம் வெந்தால் நிறம் கெடும்.

பிறகு வெயில். இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, பத்து முதல் பதினைந்து நாள். மெலிதாகப் பரப்பினால் சீக்கிரம் காயும், ஆனால் நிறம் வெளுக்கும். மாலையில் குவித்து மூடிவிட வேண்டும். இல்லையென்றால் பகலில் இழந்த ஈரத்தில் ஒரு பங்கை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்தலாம். மீட்டர் இல்லாத காலத்தில் வியாபாரிகளின் மீட்டர் காதுதான். விரலியை ஒடித்தால் 'டக்' என்று உலோகம் போல ஒலிக்க வேண்டும். வளைந்து, நார் இழுத்து, சத்தமில்லாமல் முறிந்தால் நடுவில் ஈரம் நிற்கிறது. மேல்தோல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்தச் சரக்கு மூடி வைக்கத் தகுதியற்றது.

மஞ்சளைவிட மிளகாய்க்கு இந்தக் கட்டம் ஆபத்தானது. பழுத்த மிளகாயை மண் தரையில் குவியலாகப் போட்டுக் காய வைக்கும்போது அடிப்பழம் வெந்து பூஞ்சணம் பிடிக்கிறது. காய்ந்த பிறகும் தொல்லை ஓய்வதில்லை. மூட்டை கட்டும்போது வற்றல் நொறுங்காமல் இருக்கவும், எடை கூடவும் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சந்தைகளில் உண்டு. பல நாள் வெயில் செய்த வேலையை ஒரு வாளித் தண்ணீர் கலைத்துவிடுகிறது.

1974 பாடம்

பூஞ்சணம் என்றால் துர்நாற்றம், கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு 1974 பதில் சொல்லும். அந்த ஆண்டின் இறுதியில் குஜராத்தின் பஞ்ச்மஹால், ராஜஸ்தானின் பன்ஸ்வாரா மாவட்டங்களின் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள்காமாலை பரவியது. வயிறு வீங்கியது. கிராமத்து நாய்களும் செத்தன. 397 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 106 பேர் இறந்ததாகவும் பதிவானது. தொற்று நோய் அல்ல. காலம் தவறிப் பெய்த மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளம்தான் காரணம். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருந்தது.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் ஆகிய இரண்டு பூஞ்சணங்கள்தான் இந்த நஞ்சை முக்கியமாக உண்டாக்குகின்றன. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் இது. மக்காச்சோளம் கிலோ கணக்கில் சாப்பிடும் உணவு. மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் சிட்டிகை கணக்கு. எனவே சாம்பாரில் போட்ட பொடியால் நாளைக்கே யாரும் படுத்துவிடப் போவதில்லை. ஆனால் சிட்டிகை தினமும் விழுகிறது, ஆயுள் முழுதும் விழுகிறது. கவலை அதுதான்.

எல்லை எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு. மஞ்சள், மிளகாய் போன்றவற்றில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்ஸினுக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அதாவது ஒரு டன் மஞ்சளில் 10 மில்லிகிராம். ஏறக்குறைய அரை அரிசியின் எடை. இந்தியச் சட்டத்தில் நறுமணப் பொருள்களுக்கான வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம்.

இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். மூட்டை முழுக்க ஒரே அளவாகவும் பரவியிருக்காது. ஆயிரம் வற்றலில் நாலு வற்றல் நஞ்சாக இருக்கலாம். முழு வற்றலாக இருக்கும்வரை அந்த நாலையும் பொறுக்கி எறியலாம். அரைத்துவிட்டால் நாலும் ஆயிரத்தோடு கலந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சமையல் சூடு இதை அழிப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த வற்றலை வெயிலில் போட்டாலோ, வாணலியில் வறுத்தாலோ பூஞ்சணம் சாகும். அது விட்டுச் சென்ற நஞ்சு அப்படியே இருக்கும்.

ஒன்றரை டீஸ்பூன்

ஆக, நஞ்சு உண்டான பிறகு செய்வதற்கு எதுவுமில்லை; உண்டாகாமல் தடுப்பது மட்டுமே கையில் இருக்கிறது. அதற்கு ஈரத்தின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காய்ந்த எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். காற்று வறண்டிருந்தால் கொடுக்கும். ஈரமாக இருந்தால் வாங்கும். பொருளைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்வரை எந்தப் பூஞ்சணமும் பெரும்பாலும் தலைதூக்காது. அதைத் தாண்டினால் சாதாரணப் பூஞ்சணங்கள் முளைக்கும். 80-ஐத் தாண்டினால் அஃப்ளாடாக்ஸின் பூஞ்சணத்தின் ராஜ்ஜியம். ஆடி, ஆவணியில் மும்பையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் வீட்டுக்குள் இருக்கும் காற்றே பல நாள் 80-க்கு மேல்தான். மூடி தளர்ந்த டப்பாவில் உள்ள பொடி அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

கால் கிலோ மஞ்சள் பொடியை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர விதிப்படி மஞ்சள் பொடியில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 225 கிராம் பொடி, 25 கிராம் தண்ணீர். இதே பொடி ஈரம் குடித்து 13 சதவீதத்தை எட்டினால் பூஞ்சணத்துக்குக் கதவு திறக்கத் தொடங்குகிறது. அதற்கு எவ்வளவு தண்ணீர் கூடுதலாக வேண்டும்? கணக்குப் போட்டால் எட்டரை கிராம் சொச்சம். ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகம். பொடி முழுக்கப் பரவினால்தான் இந்தக் கணக்கு. ஒரே இடத்தில் விழுந்தால் நாலு சொட்டே அந்த மூலையைக் கெடுக்கப் போதும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டப்பாவைத் திறக்கும்போது புகும் காற்றிலிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் முழுக்க நனைந்திருந்தாலும் அதில் இருக்கும் நீர் 0.03 கிராம்தான். ஒரு முறை திறந்து மூடுவதால் ஒன்றும் குடிமுழுகாது. உண்மையான வழிகள் வேறு. கொதிக்கும் குழம்பின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவது ஒன்று. ஆவி நேராக உள்ளே போகிறது. ஈரக் கரண்டி இன்னொன்று. மெஷினில் அரைத்த பொடியைச் சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்து மூடுவது மூன்றாவது. ஆவி மூடியில் முத்து முத்தாகப் படிந்து பொடிமேல் சொட்டுகிறது. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த டப்பாவைச் சில்லென்றிருக்கும்போதே திறப்பது நான்காவது. குளிர்ந்த பொடிமேல் அறைக் காற்றின் ஈரம் படிகிறது.

பரிகாரம் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அரைத்த பொடியை வீட்டுக்குள் தாளில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் அடைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கான பொடியைச் சின்ன டப்பாவில் அடுப்பருகே வைத்துக்கொண்டு, மீதியை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ அடுப்புக்கு எட்டாத அலமாரியில் வைக்கலாம். பெரிய ஜாடி குறையக் குறைய சின்ன ஜாடிக்கு மாற்றுவது நல்லது. ஃப்ரிஜ்ஜில் வைப்பவர்கள் சிறு பொட்டலங்களாக வைத்து, வெளியே எடுத்ததும் சில மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். மிளகாய்ப் பொடியில் பெருங்காயக் கட்டி போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பூச்சி அண்டாது என்பார்கள். ஈரத்தை அது ஒன்றும் செய்யாது.

இலையும் காம்பும்

காய்ந்த மூலிகைகளில் ஏமாற்றம் இன்னும் எளிது. துளசி, புதினா, நிலவேம்பு, கறிவேப்பிலை எதுவானாலும் இலை முதலில் காயும், காம்பு கடைசியில் காயும். இலை கையில் நொறுங்குவதைப் பார்த்து ஜாடியில் அடைத்துவிடுகிறோம். மூடிய ஜாடிக்குள் காம்பின் ஈரம் மெல்ல இலைக்கு மாறுகிறது. பத்து நாளில் இலை துவண்டு, அடியில் சாம்பல் நிறத்தில் நூல் பிடிக்கிறது.

இதற்கு எளிய சோதனை உண்டு. காய்ந்ததாக நினைக்கும் இலையைத் தெளிவான கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி ஒரு வாரம் வைக்க வேண்டும். தினமும் ஒரு முறை குலுக்கிப் பார்க்கலாம். கண்ணாடியில் உட்புறம் ஆவி படிந்தாலோ, முதல் நாள் நொறுங்கிய இலை மூன்றாம் நாள் வளைந்தாலோ மீண்டும் உலர்த்த வேண்டும். பூஞ்சணம் தென்பட்டால் உலர்த்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும். இலையை முழுதாக வைத்து, தேவைப்படும்போது நொறுக்குவதே சிறந்தது. காரணம் அடுத்து வருகிறது.

வீரியம் வேறு, விஷம் வேறு

பழைய பொடி எல்லாம் ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. மணம் போவதும் நஞ்சு சேர்வதும் இரு வேறு விவகாரங்கள். மஞ்சளின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. மல்லி, மிளகு, துளசிக்கும் அப்படியே. முழுப் பொருளில் இந்த எண்ணெய் சின்னஞ்சிறு அறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. அரைக்கும்போது அறைகள் உடைகின்றன. அன்றிலிருந்து எண்ணெய் காற்றில் பறக்கத் தொடங்குகிறது. அதனால்தான் விரலி ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது, பொடி மாதக்கணக்கில் மங்குகிறது. மல்லிப் பொடி இன்னும் வேகமாக மணம் இழக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினுக்குப் பகை வெளிச்சம். ஜன்னலோரக் கண்ணாடி ஜாடி பார்வைக்கு அழகு. ஆனால் வெயில் படும் பக்கம் பொடி வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜாடியை இருட்டில் வைத்தால் போதும்.

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தேய்த்து முகர்ந்து பார்த்தால் வீரியம் தெரிந்துவிடும். மணம் குறைந்த, ஆனால் உதிரியாக, உலர்வாக இருக்கும் பொடியால் கேடில்லை. கூட ஒரு சிட்டிகை போட்டால் ஆயிற்று. அரைக்காமல் விரலியாகவும் வற்றலாகவும் வைத்திருந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

கட்டி தட்டிய பொடி வேறு கதை. விரலால் தொட்டதும் உதிரும் கட்டி, அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம். உடைத்தால் உள்ளே நூல் நூலாக இழுத்தாலோ, சாம்பல், பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, மழையில் நனைந்த சாக்கின் வாடை அடித்தாலோ அந்த டப்பா முழுவதும் போக வேண்டும். மேலே வழித்துவிட்டு அடியில் உள்ளதைப் பயன்படுத்துவது சிக்கனம் அல்ல. பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். காலி டப்பாவைக் கழுவி, துடைத்து, ஒரு நாள் வெயிலில் காய வைத்த பிறகே புதுப் பொடியைப் போட வேண்டும்.

சாங்லி குழிக்கு வாரிசுகள் வந்துவிட்டன. பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்த, காற்றுப் புகாத பைகள் இப்போது தரையின் மேலேயே பேவின் வேலையைச் செய்கின்றன. சணல் மூட்டைக்குள் அதை வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் வண்டு உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியும். ஆனால் பைக்கும் அதே நிபந்தனைதான். அதை மூடுவதற்கு முன் ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்க்க வேண்டும். 'டக்' என்ற சத்தம் வராவிட்டால், சரக்கு களத்துக்கே திரும்ப வேண்டும்.